நாலாம் நம்பர் மெஷினின் பதிவேடு

கேபிள் அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இரும்புத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த சத்தம்தான் கேட்டது. வாசல் மேசையில் உட்கார்ந்து வருகைச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மணி காலை ஆறே முக்கால் இருக்கும். எங்கள் ஜிம்மில் தட்டைப் பொத்தென்று விடுகிறவர்கள் உண்டு. அப்படி யாரோ விட்டுவிட்டார் என்று நினைத்துத் தலையைக்கூடத் தூக்கவில்லை. பிறகு ஒருவர் "ஐயோ, கையி" என்றார். அப்போதுதான் எழுந்து ஓடினேன்.

நாலாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேல் தொங்கும் நீளக் கம்பியை மார்புவரை இழுக்க வேண்டும். கம்பியை ஒரு கேபிள் மேலே கப்பிகள் வழியாக எடைத் தட்டுகளோடு இணைக்கிறது. அந்தக் கேபிள் கம்பியோடு சேரும் முனையில் அறுந்திருந்தது. இழுத்துக்கொண்டிருந்தவர் பின்பக்கமாகச் சரிந்து, வலது கையைத் தரையில் ஊன்றி, அந்தக் கையின் மேலேயே விழுந்திருக்கிறார். கம்பி நெற்றியில் அடித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் நெற்றியைப் பார்க்கவில்லை, மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியின் மேல் கட்டிங் மெஷினை ஓட்டுகிற கை அது. அவரை என் வண்டியில் உட்கார வைக்க முடியாததால் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, நான் ஏதாச்சும் தப்பா இழுத்துட்டனுங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று சொல்லி, விபத்து என்று பதிவு செய்து, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பினார்கள். அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். நான் பயந்தேன். நான் ஐந்தாவதுவரை படித்தவன். இருபத்தைந்து வருஷம் நிட்டிங் கம்பெனிகளில் ஃபிட்டராக இருந்து, பிறகு அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்கு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து ஜிம் வைத்தவன். மெஷினோடு பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். மனுஷர்கள் முன்னால் நின்று பேசச் சொன்னால் வார்த்தை வராது. எழுதச் சொன்னால் அதைவிட மோசம்.

இன்சூரன்ஸ் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். சிரித்த முகத்துக்காரர். போனிலேயே அந்தச் சிரிப்பு தெரியும்.

"மெஷினத் தொடாதீங்க. அப்படியே போட்டோ எடுத்து வைங்க. விபத்தப் பாக்க சர்வேயர் வருவாங்க. நீங்க ஓனர் ரிப்போர்ட் ஒண்ணு எழுதித் தரோணும். என்ன நடந்துச்சு, மெஷின் கடைசியா எப்பப் பாத்தீங்க, பதிவேடு என்ன சொல்லுது, அவ்வளவுதான்."

"எழுதறதுங்களா?"

"நான் எழுதித் தரேன், விடுங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

ஜிம்மைப் பூட்டிவிட்டு அறுந்த முனையின் முன்னால் உட்கார்ந்தேன். என் மேசை டிராயரில் துணியில் நூல் எண்ணுகிற சின்ன மடக்குக் கண்ணாடி ஒன்று கிடக்கும். நிட்டிங் கம்பெனியில் இருந்தபோது வாங்கியது. கேபிளைத் தொடாமல், அதை அருகில் பிடித்துப் பார்த்தேன். முதலில் எனக்கு வந்தது சந்தேகம்தான். யாராவது வெட்டியிருப்பார்களோ? இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஜிம் திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கட்டிங் மாஸ்டர்கூட என்னிடம் வருவதற்கு முன் வேறு ஒரு ஜிம்முக்குப் போனவர்தான். மனசு எங்கெங்கோ போயிற்று.

கண்ணாடி வேறு கதை சொன்னது. வெட்டின கம்பி இழை ஒரே மட்டமாக இருக்கும். இது அப்படி இல்லை. வெளிச்சுற்று இழைகளில் பாதிக்கு மேல் பழுப்பேறித் துருப்பிடித்து, எப்போதோ ஒடிந்தவை. நடுவில் இருந்த கொஞ்சம் இழைகள் மட்டும் பளபளவென்று, அன்று காலை ஒடிந்தவை. பிளாஸ்டிக் உறை முனையில் வெடித்து, அதற்குள் வேர்வையும் ஈரமும் இறங்கியிருக்கிறது. ரொம்ப நாளாகச் செத்துக்கொண்டிருந்த கேபிள் அது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்படியானால் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. என் சந்தேகம் டிரெய்னர்மேல் திரும்பியது.

டிரெய்னர் தென்காசிப் பக்கத்து ஆள். நாற்பதை நெருங்குகிறவர். பகலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், காலையிலும் சாயங்காலமும் எங்கள் ஜிம். தினமும் ஜிம் திறந்ததும் மெஷின்களைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டியது அவர் வேலை. ஒவ்வொரு மெஷினுக்கும் மாதம் ஒரு பக்கம். ஒரு நாளுக்கு ஒரு வரி. கேபிள், கப்பி, போல்ட், குறிப்பு, பார்த்தவர், கடைசியில் ஓனர் கையெழுத்து. பாலிசி போடும்போது ஏஜென்ட் சொல்லி ஆரம்பித்த பழக்கம். அன்றைக்கு டிரெய்னர் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம் என்று வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. திரும்பச் செய்தேன், எடுக்கவில்லை. ஷிப்மென்ட் நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று எனக்கே தெரியும். ஆனாலும் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்றுதான் நம்பினேன்.

பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் கதவைத் தட்டினார்கள். கட்டிங் மாஸ்டரின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. இஸ்திரி கலையாத சட்டை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று தன்னைச் சொன்னார். வெளிநாட்டு வியாபாரிகள் ஆடிட்டுக்கு வரும்போது தீயணைப்பான், படிக்கட்டு, பதிவேடு எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டுகிற வேலை.

"மாமா கை நல்லாகறதுக்குள்ள சீசன் முடிஞ்சு போயிருமுங்க. கட்டிங் டேபிள்ல வேற ஆளு நிப்பாரு. அது உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"தெரியுமுங்க."

"அவரு மேல தப்புன்னு எங்கயாச்சும் எழுதிட்டீங்கன்னா, இன்சூரன்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதனால நானே பாத்துட்டுப் போறேன். கேமரா இருக்குதுங்களா?"

இருக்கிறது, ஆனால் வாசலையும் டம்பெல் ரேக்கையும்தான் பார்க்கும், நாலாம் நம்பர் தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். அவர் தூணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரியா வச்சிருக்கீங்க தூண."

தூண் கட்டடத்துக்காரர் வைத்தது.

அவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். எத்தனை எடை இழுக்க வேண்டும் என்பதற்குத் தட்டுகளில் ஒரு பின் செருகி வைப்போம், கீழே போகப் போக எடை கூடும். பின் ஏழாவது தட்டில் இருந்தது. கட்டிங் மாஸ்டர் உடம்புக்கு அது சாதாரண எடை. மச்சான் அதையும் படம் எடுத்தாரா என்று நான் கவனிக்கவில்லை. பிறகு, "இன்ஸ்பெக்ஷன் ரெஜிஸ்டர்?" என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். அவர் படித்த விதம் வேறு. நாம் எழுத்தைப் படிப்போம். அவர் மையைப் படித்தார். பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார், பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"கையெழுத்து எல்லாம் ஒரே பேனா. ஒரே அழுத்தம். முப்பத்தொரு நாளும் ஒரே நேரத்துல உக்காந்து போட்டது. ஏனுங்க, நாங்களே எங்க கம்பெனில ரெண்டு பேனா மாத்துவோம், நடுவுல ஒரு நாள் விட்டும் வைப்போம். இது என்னங்க இப்படி?"

அவர் விரல் கீழே இறங்கியது. மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு வரிகளிலும் ஒரு குறிப்பும் இல்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் என் கையெழுத்து இருந்தது.

"நாளைக்கும் பாத்துட்டீங்களாட்ட இருக்குது. நாளான்னைக்கும் பாத்துட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து மெதுவானது. ஒவ்வொரு எழுத்தையும் வரைவேன். ஜிம்மில் மேசையைச் சுற்றிப் படித்த ஆட்கள் நிற்கும்போது அதை எழுத எனக்குக் கூச்சம். அதனால் மாதம் பிறக்கிறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், பதினொரு மெஷினுக்கும் பதினொரு பக்கத்திலும் எல்லா வரியிலும் கையெழுத்தைப் போட்டு வந்துவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான். மெஷின்களை நானும் தினம் சுற்றிப் பார்க்கத்தான் செய்தேன், சத்தம் கேட்டுப் பார்ப்பேன், எண்ணெய் விடுவேன். பதிவேட்டைத்தான் அதற்கப்புறம் திறந்து பார்த்ததில்லை.

அவர் போன பிறகு நான் முதல்முறையாகப் பார்த்தேன். டிரெய்னரின் பதிவுகள் வரிசையாக இருந்தன. நல்லது, நல்லது, நல்லது. பொய் எழுதியிருக்கிறான் மனுஷன் என்று கோபமாக மேல் வரிகளுக்குப் போனேன். இரண்டரை வாரத்துக்கு முந்தின ஒரு வரியில் விரல் நின்றது. குறிப்புக் கட்டத்தில் சின்ன எழுத்தில்: "கேபிள் கம்பியோடு சேரும் முனையில் உறை வெடிப்பு. மாற்ற வேண்டும்." அதற்கு நேரே, ஒழுங்காக, என் கையெழுத்து.

கொஞ்ச நேரம் அந்த வரியை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரெய்னர் மறுநாள் காலை வந்தார். நான் பதிவேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, என்னையச் சந்தேகப்படுதிய போலுக்க?"

"இத எழுதிட்டு அடுத்த நாளே நல்லதுன்னு எப்படிப் போட்டீங்க?"

"எழுதினேன். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிய. கம்பெனில டிஃபெக்ட் சீட்டுல இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டுட்டா அந்தப் பீஸு பாஸு. அதுக்கப்புறம் செக்கர் அதத் தூக்கிப் பாக்கப்பிடாது. நீங்க ஃபிட்டரு. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போவுது, கொஞ்ச நாளு தாங்கும்னு முடிவு பண்ணிட்டியன்னு நெனச்சேன்."

"வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க வாயால என்னைக்குப் பேசியிருக்கிய, அண்ணாச்சி?"

கேபிளைப் பார்த்தது அவர், மெஷினை நிறுத்தி வைக்காததும் அவர். ஆனால் அவர் நிறுத்தாததற்குக் காரணம் என் கையெழுத்து. அவர் என்னை மாட்டிவிடுவார் என்று நானும், நான் அவரை மாட்டிவிடுவேன் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். போகும்போது அவர் அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை.

மத்தியானம் ஏஜென்ட் வந்தார். ரிப்போர்ட்டை டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம்தான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மெஷின் தினமும் பரிசோதிக்கப்பட்டு நல்ல நிலையில் இருந்தது. உறுப்பினர் அறிவுறுத்தலை மீறி அதிக எடையை வேகமாக இழுத்ததால் கேபிள் அறுந்தது." பதிவேட்டைக் காட்டினேன். அவர் சிரிப்பு முதல்முறையாக நின்றது.

"இந்த ஒரு பக்கத்த மட்டும் புதுசா எழுதிருவோம். பழசு எங்கேன்னு யாரு கேக்கப் போறாங்க?"

"அவரு மச்சான் படம் எடுத்துட்டுப் போய்ட்டாருங்க."

"எடுத்துட்டாரா? சரி." கொஞ்சம் யோசித்தார். "தப்புன்னு நீங்களா ஒத்துக்கவும் கூடாது, பாலிசிலயே இருக்குது. ஒத்துக்கிட்டீங்கன்னா கம்பெனி கைய விரிச்சுரும். ஒண்ணு செய்யுங்க. அந்தப் பின்ன கடைசித் தட்டுக்கு எறக்கி வைங்க. அது போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, நாளை சர்வேயர் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் பின்னை இறக்கினேன். ஏழாவது தட்டிலிருந்து உருவி, கடைசித் தட்டில் செருகினேன். மூன்று விரலில் முடிகிற வேலை. பிறகு வாசல் மேசையில் வந்து உட்கார்ந்தேன். கீழே பட்டறையில் தகடு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பின் அங்கே இருந்தால், பதினைந்து வருஷம் கட்டிங் டேபிளில் நின்ற ஒரு மனுஷன், உடம்புக்கு மீறின எடையை வீம்புக்கு இழுத்து விழுந்தவர் ஆகிவிடுவார். அவரே அதை நம்பிவிடுவார். ஏற்கெனவே பாதி நம்பித்தான் ஆட்டோவில் அப்படிக் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்துபோய்ப் பின்னை ஏழாவது தட்டுக்கே மாற்றினேன். நல்லவனாக இருந்ததால் மட்டும் என்று சொல்ல முடியாது. மச்சான் அதையும் படம் எடுத்திருப்பாரோ என்ற பயமும் இருந்தது. எது எத்தனை பங்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சர்வேயர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். மச்சானும் வந்து நின்றார், டிரெய்னரும் வந்தார், ஏஜென்டும் வந்தார். சர்வேயர் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. மெஷினை அளந்தார், பின்னைப் பார்த்துக் குறித்துக்கொண்டார், கேபிள் முனையைக் கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஓனர் ரிப்போர்ட் எங்கே?"

ஏஜென்ட் டைப் அடித்த தாளை நீட்டினார். அதில் இன்னும் கையெழுத்து இல்லை. சர்வேயர் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இத நீங்க எழுதினீங்களா?"

"இல்லீங்க."

"இதுல இருக்கறது சரியா?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன். ஏஜென்ட், "மேடம், அவரு பயந்த சுபாவம், தப்ப ஒத்துக்கறதுன்னா…" என்று ஆரம்பித்தார்.

"யார் தப்புன்னு அவர் எழுதவே வேண்டாம்" என்றார் சர்வேயர். "அது என் வேலையும் இல்ல, அவர் வேலையும் இல்ல. என்ன நடந்துச்சு, மெஷின் எப்படி இருந்துச்சு, பதிவேட்டுல என்ன இருக்கு. அவருக்குத் தெரிஞ்சத அவரே எழுதட்டும். நான் உக்காந்திருக்கேன்."

எழுத எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. என்ன எழுதினேன் என்பது இப்போதும் மனசில் இருக்கிறது. காலை ஆறே முக்கால் மணிக்குக் கேபிள் கம்பியோடு சேரும் முனையில் அறுந்தது. பின் ஏழாவது தட்டில் இருந்தது. அந்த எடை அவருக்கு அதிகம் இல்லை. அறுந்த இழைகளில் பாதிக்கு மேல் துருப்பிடித்தவை. இரண்டரை வாரத்துக்கு முன் டிரெய்னர் உறை வெடிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த வரியில் இருக்கும் என் கையெழுத்து, அவர் எழுதுவதற்கு முன்னால் போட்டது. மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே போட்டேன். குறிப்பை நான் படிக்கவில்லை. கேபிள் மாற்றப்படவில்லை. மெஷின் நிறுத்தி வைக்கப்படவில்லை.

பின்னை நான் இறக்கி ஏற்றியதை எழுதவில்லை.

டிரெய்னர் என் தோளுக்கு மேலாக ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருந்தார். "நிறுத்தி வைக்கப்படவில்லை" என்ற இடத்தில் மட்டும், "யாரு நிறுத்தலன்னு போடலியே அண்ணாச்சி" என்றார் தணிந்த குரலில். போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சர்வேயர் அறுந்த முனையை ஒரு பையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். பதிவேட்டையும் எடுத்துக்கொண்டார். மச்சான் கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது ஏஜென்டிடம், "இவ்வளவு சுளுவா எழுதித் தர்றாருன்னா இதுல வேற ஏதோ இருக்குதுங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ரிப்போர்ட்டின் நகலை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, இன்னொரு நகலோடு கட்டிங் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கை கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். கட்டிங் மாஸ்டர் நகலை இடது கையில் பிடித்து முழுக்கப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை.

"இதுல எந்த வரி எனக்கு எதிரா இருக்குதுங்கண்ணா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"சும்மா சொல்லுங்க. எனக்குத் தெரியோணும்."

"இல்லீங்க. எடை அதிகம் இல்லைன்னு மூணாவது வரியில இருக்குது, பாருங்க."

அந்த வரியை மறுபடி படித்தார். விரலை வைத்துப் படித்தார். அப்புறம் மனைவியிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னார். அந்த அம்மா அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாகப் படித்தார்.

"அப்ப நான் தப்பா இழுக்கலீங்க" என்றார் அவர். என்னிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, உறுப்பினர் செய்கை விபத்துக்குக் காரணம் அல்ல என்று சர்வேயரின் அறிக்கையில் இருப்பதாகவும், அதனால் அவருக்கு நஷ்டஈடு கிடைக்கத் தடை இல்லை என்றும் ஏஜென்ட் போனில் சொன்னார். பாலிசியை அடுத்த வருஷம் எனக்குப் புதுப்பிப்பார்களா என்பது சந்தேகம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். கட்டிங் மாஸ்டர் என் ஜிம்முக்குத் திரும்ப வரவில்லை. ஒருநாள் கடைவீதியில் எதிரே வந்தார். கட்டு பிரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் வலது கையை மூடி, விரித்து, மறுபடி மூடிக் காட்டினார். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. "டேபிளுக்குப் போயிட்டனுங்க. மெதுவாத்தான் வெட்டறேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.